சிறுகதை உதவி: விடுப்புக் கடிதத்தை ஏழு முறை எழுதுகிறான், ஆனால் நாலாவதிலேயே கதை நின்றுவிடுகிறது

குலசேகரத்தான்
வணக்கம். ஒரு சிறுகதையில் மாட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்த 23 வயதுப் பையன். தக்கலை தாலுகா அலுவலகம். சேர்ந்து இரண்டே மாதம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், நாகர்கோவிலில், டிசம்பர் 3. அதற்கு ஒருநாள் விடுப்பு கேட்டு வாழ்க்கையில் முதல் கடிதம் எழுதுகிறான்.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம், எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டாவதில் ரப்பர் போய்விடுகிறது. மூன்றாவதில் 'அப்பா' என்பது 'தந்தையார்' ஆகிறது. அப்புறம் 'மருத்துவக் காரணம்', 'தவிர்க்க இயலாத காரணம்' என்று தேய்ந்து, ஏழாவதில் 'சொந்த அலுவல் காரணமாக'. படித்த மூன்று பேருமே நாலாவது கடிதத்தில் முடிவைச் சொல்லிவிட்டார்கள். கடிதங்களின் எண்ணிக்கையைக் குறைக்கவா? அரசு அலுவலகத்தில் இருந்தவர்கள் யாராவது, இது நடக்கிற காரியமா என்றும் சொல்லுங்கள்.

ஆரல்காற்று
தம்பி, புதிதாகச் சேர்ந்தால் தகுதிகாண் பருவம். அந்தக் காலத்தில் லீவே எடுக்கக்கூடாது, எடுத்தால் அது நீண்டுபோகும். அந்தப் பயத்தைக் கதையில் வையுங்கள், தானாக ஓடும்.

குழித்துறை டீச்சர்
சகோதரருக்கு மாதிரிக் கடிதம் தருகிறேன். அனுப்புநர், பெறுநர், 'ஐயா', பொருள்: தற்செயல் விடுப்பு கோருதல் தொடர்பாக. பிறகு 'எனது தந்தையின் அறுவை சிகிச்சையை முன்னிட்டு 03.12 அன்று ஒருநாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'. அவ்வளவுதான். அப்பா நலமாக ஜெபிக்கிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்க விடாதீர்கள், கண்ணில் தண்ணீர் படக்கூடாது. என் அம்மாவுக்குப் பட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

குலசேகரத்தான்
நன்றி டீச்சர். இது கதைதான், என் அப்பா நன்றாக இருக்கிறார். ஆனால் தலைக்குக் குளிக்கிற விஷயம் எனக்குத் தெரியாது, எடுத்துக்கொள்கிறேன்.

பழைய கணக்கர்
கருவூலத்தில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

ஆரல்காற்று சொன்னது பாதி சரி. நீண்ட விடுப்பில் போனால் தகுதிகாண் பருவம் தள்ளிப்போகும். தற்செயல் விடுப்புக்கு அது பொருந்தாது. வருடத்துக்கு 12 நாள் உண்டு, அந்த நாட்கள் பணியில் இருந்ததாகவே கணக்கு. ஆனால் அது உரிமை கிடையாது, வேலை இருந்தால் அதிகாரி மறுக்கலாம். பையன் பயப்பட வேண்டியது இந்த மறுப்புக்குத்தான்.

இரண்டாவது, உங்கள் கதையில் பெரிய ஓட்டை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவின் நிறைவு நாள். நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. தாலுகா அலுவலகமே பூட்டியிருக்கும், பையன் யாரிடம் லீவு கேட்கிறான்?

மூன்றாவது, தற்செயல் விடுப்புக்கு நாங்கள் யாரும் கடிதம் எழுதினதில்லை. அச்சடித்த தாள் இருக்கும். பெயர், பதவி, எத்தனை நாள், காரணம். அதில் ஒரு வரி: 'இதுவரை துய்த்த விடுப்பு'. புதுப்பையன் அதில் 'இல்லை' என்று எழுதுவான். ஆபரேஷனுக்குப் போகிற லீவுக்கும் 'துய்த்தல்' என்றுதான் பெயர். நான் முதலில் நிரப்பியது என் அம்மா இறந்த மறுவாரம். அந்தச் சொல்லில் பேனா நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

குலசேகரத்தான்
கோவைக்கு வந்து 14 வருடம் ஆகிறது சார். டிசம்பர் 3 எப்படி மறந்தேன் என்றே தெரியவில்லை. சின்ன வயதில் அந்த நாளுக்காகக் காத்திருந்தவன் நான். தேதியை மாற்றிவிடுகிறேன்.

பழைய கணக்கர்
மாற்றாதீர்கள். பையனை மாற்றுங்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து எடுத்துச் சார்நிலைக் கருவூலத்தில் போடுங்கள். உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போதெல்லாம் அந்த ஆணையில் ஒரு வரி வரும்: கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசர அலுவல்களுக்காகக் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும். மாவட்டமே திருவிழாவில் இருக்கும்போது இரண்டு மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் புதுப்பையன் தலையில்தான் விழும்.

இப்போது அவன் கேட்பது சாதாரண லீவு கிடையாது. அவன் வராவிட்டால் இன்னொருவர் திருவிழாவை விட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அப்படியான நாளுக்கு, 'இவருக்குப் பதில் நான் வருகிறேன்' என்று மாற்று ஆள் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் தாள் உள்ளே போகும். உங்கள் நாலாவது கடிதத்தை அந்த இடத்தில் வையுங்கள். அதுவரை அவன் தாளோடு தனியாக மல்லுக்கட்டுகிறான். அதற்கப்புறம் ஒரு ஆளிடம் போய் வாயால் சொல்லியாக வேண்டும். கடிதத்திலிருந்து அவன் அடித்துத் தள்ளினதெல்லாம் அங்கே பேச்சில் திரும்பி வரும்.

ஒட்டுப்பால்
அப்பாவைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் பால்வெட்டுதான். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். பட்டையைச் சீவும்போது கத்தி உள்ளே தடியில் படக்கூடாது, பட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு முண்டாகப் பொருக்குக் கட்டும், அடுத்த தடவை வெட்ட முடியாது. எங்க அப்பாவுக்குக் கண் மங்கினது எங்களுக்கு முதலில் தெரியாது. தோட்டக்காரர்தான் மரத்தைப் பார்த்துவிட்டு, 'நாலு வரியில் காயம் கிடக்கு, கண்ணைக் காட்டும்' என்றார். பையன் அந்த மாற்று ஆளிடம் இதைச் சொல்லட்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறதைச் சொன்னால் ஒட்டாது.

இன்னொன்று. மழை பெய்தால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. எங்க அப்பா லீவு என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. 'நாளைக்கு மழை' என்பார், அவ்வளவுதான்.

குழித்துறை டீச்சர்
மாற்று ஆள் கோட்டாறு பங்கைச் சேர்ந்தவராக இருக்கட்டும். அன்று திருவிழாவுக்குப் போகாமல் அவர் சம்மதிக்கட்டும். எனக்குக் கண்ணீரே வரும்.

ஆரல்காற்று
அது ரொம்ப இனிப்பாகிவிடும் டீச்சர். அவர் முடியாது என்று சொல்ல வேண்டும். வருஷத்தில் ஒரு நாள், பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். அதிலும் தப்பில்லையே.

பழைய கணக்கர்
இரண்டும் நடந்து பார்த்திருக்கிறேன். முடியாது என்றவர் மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டதும் உண்டு, சரி என்றவர் அன்று வராமல் போனதும் உண்டு.

குலசேகரத்தான்
நேற்று இரவு நாலாவது கடிதம் வரை திரும்ப எழுதினேன். ஏழு இப்போது ஐந்தாகிவிட்டது. மாற்று ஆள் இன்னும் பதில் சொல்லவில்லை, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். இதுதான் அந்த இடம்:

"'காரணம்னு சொந்த அலுவல்னு போட்டிருக்கியே, என்ன அலுவல்?' என்றார். அவன் தாளைப் பார்த்தான். 'அப்பா மரத்தை வெட்டிட்டாரு சார்' என்றான். அவருக்குப் புரியவில்லை. 'யாரோட மரத்தை?' என்று கேட்டார்."

பழைய கணக்கர் சார், ஒரு சந்தேகம். மாற்று ஆளின் கையெழுத்து தாளில் எந்த இடத்தில் வரும், கீழேயா ஓரத்திலா?

பழைய கணக்கர்
அதற்கென்று இடம் அச்சடித்திருக்காது. காரணம் எழுதின வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், குறுக்காகப் போடுவோம்.