உதவி: விளம்பரப் படிவத்தில் 63 பேர், அழைத்தால் ‘நான் நிரப்பவே இல்லை’ என்கிறார்கள்

கூரைவெயில்
வீட்டு மாடியில் சோலார் பொருத்தித் தரும் தொழில். ஃபேஸ்புக் விளம்பரத்தில் பத்து நாளில் 63 பேரின் எண் வந்தது. பாதிப்பேர் அழைப்பை எடுப்பதே இல்லை. எடுப்பவர்கள் ‘எந்த விளம்பரம்?’ என்கிறார்கள். எல்லாம் போலி ஆட்களா? பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? நாளை மறுநாள் முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவசரம்.

தேன்மொழி
படிவம் ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறக்கிறதா, உங்கள் இணையதளத்திலா? நிரப்பி எத்தனை நேரம் கழித்து அழைக்கிறீர்கள்? விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

தையல்கடை
போலிதான், சந்தேகமே வேண்டாம். என் தையல் வகுப்புக்கும் இப்படித்தான் வந்தது. படிவ வகையை More volume என்பதிலிருந்து Higher intent என்று மாற்றினேன். அனுப்பும் முன் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு திரை கூடுதலாக வரும். எண்ணிக்கை குறைந்தது, தொல்லையும் குறைந்தது.

பழம்பெருச்சாளி
மாதம் மூன்று முறை இதே கேள்வி. தேடிப் பார்க்கும் பழக்கம் ஒழிந்துவிட்டது. 2011-இலேயே ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வந்துவிட்டது: ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட முடிவெடுப்பவரோடு உருப்படியாகப் பேச ஏறத்தாழ ஏழு மடங்கு வாய்ப்பு. படித்துவிட்டு வாருங்கள்.

கூரைவெயில்
ஃபேஸ்புக்குக்குள்ளேதான். தினமும் மாலை பட்டியலைப் பதிவிறக்குகிறேன், மறுநாள் காலை 10 மணிக்கு அலுவலகப் பெண் அழைப்பார். விளம்பரத்தில் ‘ரூ.78,000 மானியம்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறோம்.

தேன்மொழி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

அந்தப் படிவத்தில் பெயரும் எண்ணும் கணக்கிலிருந்து தானாகவே நிரம்பியிருக்கும். அவர் எதையும் தட்டச்சு செய்யவில்லை, கட்டைவிரலால் இரண்டு மூன்று தட்டு தட்டியதோடு சரி. அடுத்த காணொளிக்குப் போனதும் மறந்துவிடுவார். ‘நிரப்பவில்லை’ என்பவர் பொய் சொல்லவில்லை. சிலர் கணக்கில் பழைய எண் கிடக்கும், அதனால் வேறு யாரோ எடுப்பார்கள்.

போலி என்று முடிவுகட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பதிவிறக்கிய கோப்பில் இப்படி இருக்கும்:

```
created_time                phone_number
2025-06-14T22:41:07+05:30   p:+91XXXXXXXXXX
```

பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகள் சேர்த்து, அழைத்த நேரத்தையும் அவர் சொன்ன பதிலையும் எழுதுங்கள். நேரத்தின் முடிவில் +05:30 இல்லையென்றால் நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பழம்பெருச்சாளி
நான் சொன்னதையே நீட்டி முழக்குகிறார்.

தேன்மொழி
இல்லை ஐயா. அந்த ஆய்வு வந்த காலத்தில் ஆட்கள் தாங்களே தட்டச்சு செய்து விசாரித்தார்கள். அந்த ஏழு மடங்கை இந்த இரண்டு தட்டுப் படிவத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

தையல்கடை
இரவு பத்தரைக்கு நிரப்பியவரை உடனே அழைத்தால் திட்டமாட்டாரா? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும்.

பழம்பெருச்சாளி
வாட்ஸ்அப் செய்தியை யார் படிக்கிறார்கள்? அழைப்புதான் தொழில்.

தையல்கடை
என் மாணவிகள் படிக்கிறார்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைத்தான் எடுப்பதில்லை.

தேன்மொழி
சண்டை வேண்டாம். இரவில் நிரப்புபவருக்கு, படிவத்தின் கடைசித் திரையிலேயே ‘நாளை காலை 9 முதல் 10-க்குள், 42 என்று முடியும் எண்ணிலிருந்து அழைப்போம்’ என்று எழுதிவிடுங்கள்.

கூரைவெயில்
63-ஐயும் எழுதிப் பார்த்தேன். 41 பேர் மாலை 6-க்கு மேல் நிரப்பியவர்கள். ஒரு ஞாயிறு மட்டும் நானே கைபேசியில் பார்த்துப் பார்த்து எட்டுப் பேரை அரை மணிக்குள் அழைத்திருக்கிறேன். ஆறு பேர் எடுத்தார்கள், ஒருவர்கூட ‘நிரப்பவில்லை’ என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று பேர் வாடகை வீடு.

தேன்மொழி
வாடகை வீட்டுக்காரர்களை இழுத்தது உங்கள் 78,000. அது 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் உச்சத் தொகை. 1 கிலோவாட்டுக்கு 30,000தான். அரசே இலவசமாகப் பொருத்துகிறது என்று நினைத்திருப்பார்கள். ‘மொட்டை மாடி உங்களுக்குச் சொந்தமா?’ என்று ஒரு தெரிவுக் கேள்வி சேருங்கள், அதைத் தானாக நிரப்ப முடியாது. பட்டியலுக்காக மாலை வரை காத்திருக்காமல், Meta Business Suite செயலியின் அறிவிப்பை அழைக்கும் பெண்ணின் கைபேசியில் இயக்குங்கள். வேறு மென்பொருளுக்கு அனுப்புவதானால் Lead Ads Testing Tool-இல் ஒரு சோதனைப் பதிவு அனுப்பிப் பாருங்கள். அடுத்த சோதனைக்கு முன் பழையதை நீக்க வேண்டும். பட்டியலை 90 நாளுக்குள் பதிவிறக்கிவிடுங்கள், பிறகு கிடைக்காது.

ஹோசூர் கணக்கன்
எட்டுப் பேரை வைத்துத் தீர்ப்பா? ஞாயிறு எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், அதனால்கூட எடுத்திருக்கலாம். ஒரு வாரம் வேலை நாளிலும் அரை மணிக்குள் அழைத்துப் பாருங்கள்.

கூரைவெயில்
மாடிக் கேள்வியும் அறிவிப்பும் சேர்த்தாயிற்று. நேற்று நான்கு பேர்தான் வந்தார்கள், மூவர் பேசினார்கள். ஒருவர் வீட்டுக்கு நாளை அளவெடுக்கப் போகிறோம். நன்றி அக்கா.

தையல்கடை
முதலாளி என்ன சொன்னார்?