590 ரூபா எதுக்குப் புடிச்சாங்க? டீமேட் வருசக் கட்டணமும் பாஸ்புக்குல வர்ற சில்லறைப் பிடித்தமும்

பெருந்துறைக்காரன்
அப்பா பாஸ்புக்க என்ட்ரி போட்டுட்டு வந்தேனுங்க. டீமேட் வருசக் கட்டணம்னு `DP AMC` போட்டு 590 ரூபா எடுத்திருக்காங்க. அதுக்கு மேல ஒரு 17.70, இன்னும் ரெண்டு சில்லறைப் பிடித்தம். அப்பா ஷேர் வியாபாரமெல்லாம் பண்றவர் இல்லைங்க. 2022 மே மாசம் எல்ஐசி ஐபிஓ வந்தப்ப, பாலிசிதாரருக்குப் பங்குக்கு 60 ரூபா தள்ளுபடினு சொல்லி பங்கு வச்சுக்கற டீமேட் கணக்கை பேங்க்லயே ஓபன் பண்ணிக் குடுத்தாங்க. 889 ரூபா வீதம் 15 பங்கு கிடைச்சுது. அதோட சரி, அப்புறம் அதை யாரும் தொடவே இல்லை. 2024-25க்கு எல்ஐசி பங்குக்கு 12 ரூபா டிவிடெண்ட் குடுத்துது, 15 பங்குக்கு 180 ரூபா. அந்த 180ஐ வாங்க 590 கட்டறமாங்க? இதே மாதிரி வேற யாருக்காவது நடந்திருக்குதுங்களா?

நாமக்கல் லாரிப்பட்டறை
கட்டவே வேண்டாமுங்க. செபி ரூல் போட்டாச்சு. 4 லட்சத்துக்குள்ள பங்கு வச்சிருந்தா வருசக் கட்டணமே கிடையாது. எனக்குச் சைபர்தான். பேங்க்ல போய்ச் சத்தம் போடுங்க, திருப்பிக் குடுத்துருவாங்க.

திருப்பூர் பனியன் அக்கா
எனக்கு வருசாவருசம் இல்லீங்க, விக்கறப்பதான் புடிக்கறாங்க. ஒரே ஒரு பங்கு வித்தேன், 15 ரூபா சொச்சம் போயிருச்சு. கான்ட்ராக்ட் நோட்டுல அது இல்லவே இல்லை, லெட்ஜர்லதான் இருக்குது. வாங்கறப்ப எதுவும் இல்லை. இதுவும் அந்த ஏஎம்சி தானுங்களா?

சூலூர் ரிட்டயர்டு
டீமேட் கணக்கு நடத்தற டிபி கம்பெனி வேலையிலயே பாதி ஆயுசு போச்சுங்க, அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன்.

அக்கா கேட்டது வேற. அது டெபிட் கட்டணம். உங்க டீமேட்ல இருந்து பங்கு வெளிய போறப்ப, ஒரு கம்பெனிப் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை விழும். ஒண்ணு வித்தாலும் நூறு வித்தாலும் அதே தொகை. அதனால அஞ்சு நாள் ஒவ்வொண்ணா விக்கறதுக்குப் பதிலா ஒரே நாள்ல வித்துட்டா ஒரே கட்டணத்தோட போயிரும்.

பெருந்துறைத் தம்பிக்கு: 590ஐ 1.18ஆல வகுத்துப் பாருங்க, சரியா 500 வரும். 500 கட்டணம், 18 சதவீதம் ஜிஎஸ்டி. 17.70ஐயும் அப்படியே வகுத்தா 15, அது எஸ்எம்எஸ் கட்டணமா இருக்கும். பாஸ்புக்குல புரியாத பைசா கணக்கு வந்தா நான் முதல்ல இந்த வகுத்தலைத்தான் போட்டுப் பாப்பேன். முழு எண் வந்துட்டா ஏதோ ஒரு சேவைக் கட்டணம்னு தெரிஞ்சுக்கலாம்.

நாமக்கல்காரர் சொன்னது பாதி சரி. அந்த வசதிக்குப் பேரு பிஎஸ்டிஏ. 2024 செப்டம்பர் 1ல இருந்து 4 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, அதுக்கு மேல 10 லட்சம் வரைக்கும் வருசத்துக்கு 100 ரூபா. ஆனா அது, அந்தப் பான் நம்பர்ல முதல் பேராவோ தனிப் பேராவோ ஒரே ஒரு டீமேட் இருந்தாத்தான். எந்தக் கம்பெனியில இருந்தாலும், பங்குகளைக் கணக்குல வச்சிருக்கற டெபாசிட்டரி ரெண்டுல என்எஸ்டிஎல்லோ சிடிஎஸ்எல்லோ எதுல இருந்தாலும், எல்லாத்தையும் சேத்துத்தான் எண்ணுவாங்க. ரெண்டாவது பேரா இருக்கற கணக்கு இதுல சேராது. தகுதி இருந்தா கேக்காமயே பிஎஸ்டிஏவா மாத்தணும்கறது விதி. உங்கப்பாவோடதை மாத்தலைன்னா எங்கயோ இன்னொரு கணக்கு தூங்கிட்டு இருக்குதுனு எனக்குத் தோணுது. பழைய ஐபிஓ எதுக்காவது அப்ளை பண்ணினாரானு கேளுங்க.

பெருந்துறைக்காரன்
நீங்க சொன்னது சரியாப் போச்சுங்கய்யா. 2010ல கோல் இந்தியாவுக்குப் போட்டாராம். ஈரோட்டுல ஒரு புரோக்கர் ஆபீஸ்ல ஓபன் பண்ணினது. அந்த ஆபீஸே இப்ப அங்க இல்லை. ஆனா கணக்கு உயிரோட இருக்குதுங்களா?

சூலூர் ரிட்டயர்டு
ஆபீஸ் மூடினா கணக்கு சாகாதுங்க. அந்தக் கிளை எந்தப் பெரிய கம்பெனியோடதோ, அங்க இருக்கும். பான் நம்பருக்கு எல்லா முதலீட்டையும் சேத்து வர்ற சிஏஎஸ் ஸ்டேட்மென்ட்ட எடுங்க, மெயில்லயோ தபால்லயோ வந்திருக்கும். பேரும் வரிசையும் ஒண்ணா இருக்கற டீமேட்டெல்லாம் ஒரே ஸ்டேட்மென்ட்ல வரும், கூட்டுப் பேர்ல இருந்தா அது தனி ஸ்டேட்மென்ட்டா வரும். நம்பர் IN னு ஆரம்பிச்சா என்எஸ்டிஎல், 16ம் வெறும் எண்ணா இருந்தா சிடிஎஸ்எல்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு
என் கதையைக் கேளுங்க. எஸ்ஐபி தேதியில பேங்க்ல பணம் கம்மியா இருந்துது. ஃபண்டுக்காரங்க ஒண்ணும் எடுக்கலை, பேங்க்தான் 295 ரூபா எடுத்துது. 250க்கு ஜிஎஸ்டி சேத்து 295 தானுங்களே? அதே மாசம் ரெண்டு எஸ்ஐபி, ரெண்டு தடவை எடுத்தாங்க. தேங்கா வித்த பணம் மறுநாள்தான் வந்து சேந்துது.

சூலூர் ரிட்டயர்டு
ஆமாங்க, அது மேண்டேட் திரும்பினதுக்கு, அதாவது தானா எடுத்துக்கச் சொன்ன பணம் கணக்குல இல்லாமப் போனதுக்கு. இதுக்கும் டீமேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தேங்காப் பணம் வர்ற நாளுக்கு ரெண்டு நாள் தள்ளி எஸ்ஐபி தேதியை மாத்திக்குங்க.

கோபி மஞ்சத் தோட்டம்
பெருந்துறையாரே, அந்த மிச்ச ரெண்டு பிடித்தம் 436உம் 20உம்தானே? மே மாசக் கடைசியில எங்கம்மாவுக்கும் வந்துது. பிரதமர் பேர்ல இருக்கற ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும். கணக்கு ஓபன் பண்றப்ப ஃபாரத்துல டிக் போட்டிருப்பாங்க. விபத்துக் காப்பீட்டை நான் நிறுத்தலை, 20 ரூபாய்க்கு 2 லட்சம் கவர். ஆனா 436க்கு வயசு வரம்பு உண்டு, 55 தாண்டினா கிடைக்காது. உங்கப்பாவுக்கு என்ன வயசுங்க?

பெருந்துறைக்காரன்
அதேதானுங்க, 436உம் 20உம். அப்பாவுக்கு 54. அதை அப்புறம் பாத்துக்கறேன்.

சிஏஎஸ் எடுத்துப் பாத்துட்டேன். ரெண்டு கணக்குமே இருக்குது. பழசுல அப்பா முதல் பேரு, அம்மா ரெண்டாவது. பேங்க்ல அப்பா மட்டும். ரெண்டையும் சேத்தாலும் 4 லட்சம் பக்கத்துலயே வரலை. எதை மூடறதுங்க?

சூலூர் ரிட்டயர்டு
எனக்குனா 500 புடிக்கற பேங்க் கணக்கை மூடுவேன். ஆனா முதல்ல பழைய கம்பெனியில எவ்வளவு பாக்கி ஏறியிருக்குதுனு கேளுங்க. அவங்க பேங்க்ல இருந்து எடுக்க மாட்டாங்க, லெட்ஜர்ல மைனஸ்ல எழுதிட்டே வருவாங்க. நீங்க காசு போட்ட அன்னைக்குத்தான் அது தெரியும்.

இன்னொரு சிக்கல் அந்தப் பேருதான். ரெண்டு கணக்குலயும் ஒரே பேருங்க, ஒரே வரிசையில இருந்தா, எல்லாப் பங்கையும் மாத்திட்டு மூடற ஃபாரம் இருக்குது, அதுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. உங்க கணக்குல பேரு ஒத்துப் போகலை. அதனால பங்கை மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கற டிஐஎஸ் சிலிப்புல, சந்தையில விக்காம நேரா மாத்தற சாதாரண ஆஃப் மார்க்கெட் மாத்தலாத்தான் போகும், அதுக்கு டிபி கட்டணம் வரும். எல்ஐசி ஒரே பங்குங்கறதால ஒரு தடவைக் கட்டணம்தான்.

மூடறதுக்குத் தனியாக் கட்டணம் கிடையாது. வருசத்துக்கு முன்பணமா வாங்கின ஏஎம்சியில, முடியாத காலாண்டுகளுக்கு உண்டானதைத் திருப்பித் தரணும். நடக்கற காலாண்டு முழுசாக் கணக்குல சேந்துரும். அதனால உங்க ஏஎம்சி வருசம் ஏப்ரல்ல ஆரம்பிச்சுதுன்னா, ஜூன் கடைசிக்குள்ள மூடினா மூணு காலாண்டுக் காசு வரும், ஜூலை 2ஆம் தேதி மூடினா ரெண்டுதான்.

நாமக்கல் லாரிப்பட்டறை
அப்ப ஏற்கனவே புடிச்சதைக் கேக்க முடியாதுங்களா?

சூலூர் ரிட்டயர்டு
ரெண்டு கணக்கு இருந்த காலத்துக்குக் கேட்டா நிக்காதுங்க. ஒண்ணா ஆன பிறகும் புடிச்சாங்கன்னா, முதல்ல அவங்க கிட்டயே எழுத்துல குடுங்க, பதில் சரியில்லைன்னா செபியோட புகார்த் தளமான ஸ்கோர்ஸ்ல போடுங்க.

திருப்பூர் பனியன் அக்கா
வித்துட்டே மூடிட்டா? 15 பங்குதானே.

பெருந்துறைக்காரன்
அதைத்தானுங்க்கா நானும் சொன்னேன். 889க்கு வாங்கினதை அதுக்குக் கீழ விக்க மாட்டேங்கறாரு அப்பா. திங்கக்கிழமை சிலிப் புக் கேக்க பேங்குக்குப் போறோம். பழைய கம்பெனிக்கு மெயில் போட்டேன், இன்னும் பதிலில்லை.