புதுப்பிப்பு: பெருநாள் விடுப்பு கிடைத்தது

நான் முன்பு இங்கே கேட்டது: “நோன்புப் பெருநாள் எந்த நாள் என்று முந்தைய இரவுதான் தெரியும். இதை அறியாத மேலாளரிடம் எப்படி விடுப்புக் கேட்பது?”

கிடைத்துவிட்டது! அனுப்பியது இது: “எங்கள் சமயத்தின் முக்கியப் பெருநாளுக்கு ஒருநாள் விடுப்பு வேண்டும். பிறையைப் பொறுத்து அது வியாழன் அல்லது வெள்ளி. புதன் இரவே உறுதிசெய்து தெரிவிப்பேன். இரண்டு நாளுக்கும் மாற்று ஆள் பேசிவைத்திருக்கிறேன்.”

ரமலான் மாதம் 29 அல்லது 30 நாள்தான், ஆகவே இரண்டே தேதிகள் என்று சொல்லித்தந்தவருக்கு நன்றி. மேலாளரின் தயக்கம் அதில்தான் போனது. நாட்காட்டித் தேதி போதும் என்றவர் சொன்னது பாதி சரி. படிவம் ஒரு தேதிதான் ஏற்கும், அதனால் வியாழனைப் போட்டு, வெள்ளியைக் குறிப்பில் சேர்த்தேன். தீபாவளி விடுப்பு பற்றிக் கேட்ட நண்பருக்குத் தேதி முன்பே தெரியும், இரண்டாவது தேதி தேவையில்லை.

ரமலானின் கடைசிப் பத்து இரவுகளின் வணக்கத்துக்காகக் கேட்ட வேலைநேர மாற்றத்துக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.