பாலமுனை மேடா, அணுகுசாலை அமிழ்வா?

மலர்விழி:
நண்பர்களே, நெடுஞ்சாலைச் சொற்பட்டியலில் ஒரு பதிவில் சிக்கிக்கொண்டேன். சாலையிலிருந்து பாலத்தில் ஏறும் இடத்தில் வண்டியைத் தூக்கிப்போடுமே, அதற்கு 'பாலமுனை மேடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

ரஹீம்:
நான் தினமும் போகும் பாலத்தில் இரும்புப் பட்டையைத் தாண்டும்போது டடக் டடக் என்று அடிக்கும். அதுதானே? 'இணைப்புத் தட்டல்' என்று வைக்கலாம்.

கதிரவன்:
அது எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட், வெயிலில் பாலம் விரிய விடும் இடைவெளி, ரஹீம். அது வேறு சங்கதி. மலர்விழி கேட்பது அதற்கு முன்னால், மண் நிரப்பிய சாலை முடிந்து பாலத்தின் கான்கிரீட் தொடங்கும் இடம். பாலத்தின் முனைச்சுவரை ஒட்டி ரோலர் போக முடியாது. அங்கே மண்ணை அரைகுறையாகக் கெட்டித்து விடுகிறார்கள், பிறகு அது இறங்குகிறது. திமிசு ஒழுங்காகப் போட்டால் மேடே வராது. 'கெட்டிப்புக் குறை' என்று காரணத்தையே பெயராக்கலாம்.

சிவநேசன்:
கதிரவன் சொன்ன காரணம் உண்மை, ஆனால் பாதிதான். நிரப்பிய மண்ணை எவ்வளவு கெட்டித்தாலும் அதற்கு அடியில் இருக்கும் களிமண்ணை ரோலர் ஒன்றும் செய்யாது. பாலத்தின் முனைச்சுவர் ஆழத்தில் இறக்கிய பைல் தூண்கள் மேல் நிற்கிறது, அசையாது. பக்கத்தில் சாலைக்காக மண் நிரப்பி எழுப்பிய கரை களிமண் மேல் உட்கார்ந்திருக்கிறது, அமிழும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வண்டி தூக்கிப்போடுகிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். கரை 6 மீட்டர் உயரம், அடியில் 5 மீட்டர் மென்களிமண், அதற்கு மேலும் கீழும் மணல். கரையின் எடை சதுர மீட்டருக்கு சுமார் 12 டன். அதன் கீழ் அந்தக் களிமண் மொத்தம் 30 சென்டிமீட்டர் அமிழும் என்று வைத்துக்கொள்வோம். நீர் மெதுவாகத்தான் பிழிந்து வெளியேறும், அதனால் ஓராண்டில் 19 சென்டிமீட்டர் அளவே முடிகிறது. அப்போது தார் போட்டுத் திறந்துவிட்டால் மிச்சம் 11 சென்டிமீட்டர் வண்டிகள் ஓடும்போது இறங்கும்.

முனைச்சுவரிலிருந்து கரைமேல் நீளும் கான்கிரீட் பலகைதான் அணுகுபலகை. அது 6 மீட்டர் நீளம் என்றால் சரிவு கிட்டத்தட்ட 55-க்கு 1. 200-க்கு 1 வரை பயணிக்கு உறுத்தாது என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. பலகை அமிழ்வைத் தடுப்பதில்லை, நீளவாக்கில் பரப்புகிறது, அவ்வளவுதான்.

மலர்விழி:
அப்படியானால் பலகையை 22 மீட்டர் நீளமாகப் போட்டுவிட வேண்டியதா?

சிவநேசன்:
அவ்வளவு நீளத்துக்குச் செலவும் கூடும், நடுவில் அடிமண் விலகினால் வளைந்து விரிசலும் விடும். அதைவிட, தார் போடும் முன் கரையின் மேல் இன்னும் 2 மீட்டர் மண்ணைச் சுமையாக ஏற்றி அந்த ஓராண்டும் விட்டுவைக்கலாம். சுமை கூடுவதால் அதே ஓராண்டில் சுமார் 25 சென்டிமீட்டர் இறங்கிவிடும். பிறகு மேல்மண்ணை எடுத்துவிட்டால் மிச்சம் ஏறத்தாழ 5. பத்து மீட்டர் பலகையே அதற்குப் போதும். அவசரமென்றால் வடிகால் பட்டைகளைச் செங்குத்தாகச் செருகி நீரைச் சீக்கிரம் வெளியேற்றலாம். காத்திருக்கவே முடியாத இடத்தில் கரையை நுரைக் கட்டிகளால் எழுப்புவார்கள். எடை குறைந்தால் அமிழ்வும் குறையும்.

ரஹீம்:
இப்போது நீங்கள் சொல்வது புரிகிறது. எங்கள் பக்கத்தில் வேறு ஒரு பாலத்தில் பள்ளத்தைத் தார் போட்டு நிரப்பினார்கள், மறுபடி இறங்கியது, மறுபடி நிரப்பினார்கள். ஒப்பந்ததாரர் ஏமாற்றுகிறாரா?

சிவநேசன்:
அப்படிச் சொல்லிவிட முடியாது. அமிழ்வு முடியாமல் நிரப்பினால் அது தொடரத்தான் செய்யும், புதுத் தாரின் எடையும் சேர்ந்து கொஞ்சம் கூட்டும். முதலில் எது இறங்குகிறது என்று பாருங்கள். சுவரை ஒட்டிச் சில மீட்டர் மட்டும் குழிந்திருந்தால் கதிரவன் சொன்ன கெட்டிப்புக் குறை, அல்லது இணைப்பின் வழியே இறங்கிய மழைநீர் நுண்மண்ணை அரித்துச் சென்றிருக்கிறது. பலகையைத் தட்டினால் 'டொம்' என்று வெற்று ஒலி கேட்கும். அடியில் சாந்தோ நுரையோ செலுத்தித் தூக்கலாம், ஆனால் நீர் இறங்கும் வழியை அடைக்காமல் செய்தால் வீண். பல பத்து மீட்டருக்குச் சாலையே தொய்ந்து, ஓரத் தடுப்பு வேலியும் வளைந்து தெரிந்தால் அது அடிக்களிமண்.

கதிரவன்:
சரி, களிமண்ணை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டுநருக்கு மேடாகத்தானே தெரிகிறது?

சிவநேசன்:
ஏறும்போது மேடு, இறங்கும்போது பள்ளம். எதுவும் உயரவில்லையே! காரணத்துக்கு 'அணுகுசாலை அமிழ்வு', சாலையில் தெரியும் விளைவுக்கு 'பாலமுனைத் தூக்கல்' என இரண்டு பதிவுகள் போடலாம்.

மலர்விழி:
'தூக்கல்' எனக்கு ஒட்டவில்லை, வேறு எதையோ தூக்குவதுபோல் இருக்கிறது. 'அணுகுசாலை அமிழ்வு' உள்ளே போகிறது. மற்றதற்கு இப்போதைக்குக் கேள்விக்குறியோடு 'பாலமுனை மேடு'. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

ரஹீம்:
'பாலமுனைக் குலுக்கல்'? சரி சரி, பரிசுச்சீட்டு மாதிரி ஆகிவிடும்.