அழைப்பிதழின் நிறம் படிவத்துக்கு வந்த கதை

வெள்ளவத்தை: எங்கள் நாடக மாலைக்கு வந்தவர்களிடம் கருத்துக் கேட்க ஒரு கூகுள் படிவம் செய்தேன். அழைப்பிதழ் கருஞ்சிவப்பு, சந்தன நிறம். படிவமும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசை. அழைப்பிதழையே தலைப்புப் படமாக ஏற்றினேன். அது நெட்டான படம். படிவத்தில் தெரிந்தது நடிகையின் மூக்கும் ஒரு கண்ணும்தான். போதாததற்கு, நான் முன்பே தேர்ந்திருந்த கருஞ்சிவப்பும் மாறிப் பழுப்பாகிவிட்டது.

தெஹிவளை: நிறம் மாறியதற்குக் காரணம், ஏற்றிய படத்திலிருந்து படிவம் தானாகவே ஒரு நிறத்தை எடுத்துக்கொள்வதுதான், தங்கச்சி. ஆகவே படத்தை முதலில் ஏற்றுங்கள், நிறத்தைப் பிறகு தொடுங்கள். அழைப்பிதழ் செய்தவரிடம் நிறத்தின் குறியீட்டைக் கேட்டு வாங்கி, #7A1F2B என்பதுபோல அப்படியே தட்டச்சிடலாம். படம் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு உயரம் இருக்க வேண்டும். 1600க்கு 400 பிக்சல் என்று புதிதாகச் செய்யுங்கள். எழுத்தைப் பெரிதாக வையுங்கள். 360 அகலமுள்ள கைத்தொலைபேசித் திரையில் அந்தப் படம் ஏறத்தாழ 90 உயரத்துக்குச் சுருங்கிவிடும். கணினியில் அழகாக இருந்த திகதியும் மண்டபப் பெயரும் அங்கே எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். நானென்றால் படத்தில் நாடகத்தின் பெயரை மட்டும் வைப்பேன்.

பம்பலப்பிட்டி: எழுத்துருவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தமிழுக்கு அங்கே எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான். நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தெஹிவளை: பாதி சரி, தம்பி. அந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், பார்ப்பவருடைய கருவியில் உள்ள தமிழ் எழுத்துதான் வரும். ஆனால் அளவை மாற்றினால் தமிழும் மாறும். தலைப்பு, கேள்வி, விடை மூன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. கேள்வியை ஒரு படி பெரிதாக்கினேன். என் அம்மா கண்ணாடி இல்லாமலே வாசித்தார்.

கொட்டாஞ்சேனை: எங்களுக்கு வந்த வினை வேறு. விழா நிறம் என்று சொல்லிக் கியூஆர் குறியீட்டை வெள்ளைத் தாளில் இளம் பொன்னிறத்தில் அச்சடித்தோம். பல கைத்தொலைபேசிகள் அதை வாசிக்கவே இல்லை. கதிரை கதிரையாகப் போய் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

வெள்ளவத்தை: அண்ணா சொன்னபடி செய்துவிட்டேன். படத்தில் நாடகத்தின் பெயர் மட்டும், நடுவில், தடித்த எழுத்தில். அதே பெயர் கீழே படிவத் தலைப்பிலும் வந்ததால் அங்கே ‘உங்கள் கருத்து’ என்று மாற்றினேன். பின்னணிதான் இன்னும் உறுத்துகிறது. நான்கு நிறங்களே காட்டுகிறது: கருஞ்சிவப்பின் மூன்று மெல்லிய சாயல்கள், ஒரு சாம்பல். சந்தனம் இல்லை.

பம்பலப்பிட்டி: சந்தனத்தையே முக்கிய நிறமாக்குங்கள் அக்கா, பின்னணி தானாக வந்துவிடும்.

வெள்ளவத்தை: செய்து பார்த்தேன். பின்னணி அருமை. ஆனால் விடையைத் தெரிவு செய்தால் அந்தப் புள்ளியும் சந்தன நிறம். வெள்ளைப் பெட்டிக்குள் தெரிவு செய்தோமா இல்லையா என்றே தெரியவில்லை. மீண்டும் கருஞ்சிவப்புக்கே திரும்பி, பின்னணியைச் சாம்பலில் விட்டுவிட்டேன். வேறு வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.