டிரிபிளைத் தடுத்தால் ஓட்டம் தானாக வருமா?

"கூடைப்பந்தில் புதியவர்களுக்குப் பாஸ் டிரில் எல்லாம் வீண். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிபிளைத் தடை செய்து மூன்றுக்கு மூன்று ஆட விடுங்கள், காலி இடத்துக்கு ஓடுவது தானாக வரும்."

நீளவிசில்: தானாக வருமாம்! முதல் நாள் என் கோர்ட்டில் நடந்ததைக் கேளுங்கள். பந்தை வைத்திருந்தவன் பிவட் காலை ஊன்றி நிற்கிறான். மற்ற இருவரும் "இங்கே, இங்கே" என்று அவனிடமே ஓடி வருகிறார்கள், காவலுக்கு நின்றவர்களும் கூடவே. ஆறு பேரும் ஒரே போர்வைக்குள். பந்து தட்டிக்கொண்டு வராது என்று தெரிந்ததும் தடுப்பவன் பாஸ் போகும் வழியை அடைத்து நின்றுவிடுகிறான். இதில் எது தானாக வந்தது?

கட்டைவிரல்: அதனால்தான் ஒரே ஒரு டிரிபிள் தரச் சொல்கிறேன்.

நீளவிசில்: ஒன்று தந்தால் பந்தைக் கையில் வாங்கியதுமே தட்டிவிடுவான், பிறகுதான் தலையை நிமிர்த்துவான். தடை இருக்கட்டும், தடுப்பவரைக் குறையுங்கள். நான் மூன்றுக்கு இரண்டாக மாற்றினேன். எப்போதும் ஒருவன் காலியாக இருப்பான், பந்து வைத்திருப்பவன் தேடினால் போதும். பறிபோகாமல் ஐந்து பாஸ் போனால் ஒரு புள்ளி. பாஸ் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து.

கூடைநிழல்: ஐந்து பாஸ் ஆட்டத்தில் கூடையே இல்லையே. எங்கே ஓடுவான்? பந்தைவிட்டு விலகி விலகி மூலைக்குத்தான்.

நீளவிசில்: ஓடினார்கள்தான், அது ஒரு வாரத்துக்கு. அடுத்த வாரம் கூடையைச் சேர்த்து மூன்றுக்கு மூன்றுக்குப் போனேன். மறுபடி வழியை அடைத்தார்கள். ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, "உன்னைக் காப்பவன் எங்கே பார்க்கிறான்?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "பந்தை" என்றாள். "அப்போது அவன் முதுகுப் பக்கம்?" பதில் சொல்லாமல் கூடையை நோக்கி ஓடிக் காட்டினாள். பவுன்ஸ் பாஸ் டிரிலை அதற்குப் பிறகுதான் வைத்தேன், அதுவும் பத்தே நிமிடம். அந்த ஓட்டத்துக்கு எந்த பாஸ் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.

மஞ்சள்ஜெர்சி: என் பெண் கூடைக்கடியிலேயே நிற்கிறாள், நடுவர் மூன்று விநாடி என்று ஊதுகிறார். டிரிபிளைத் தடுத்தால் இது சரியாகுமா?

நீளவிசில்: அது வேறு விதி அம்மா.

கட்டைவிரல்: ஒரு டிரிபிள் தந்திருந்தால் அந்தப் போர்வையே விழுந்திருக்காது.

பழையகோர்ட்: முதலில் 'டிரிபிள்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். மூன்று மடங்கு என்று படித்தேன்.

நீளவிசில்: வந்துவிட்டார் எழுத்துக் காவலர். ஆட்டத்தின் வழியே கற்றுத்தரும் இந்த முறையை 1982இல் பங்கர், தோர்ப் என்ற இங்கிலாந்து ஆசிரியர்கள் எழுதியபோதே ஆட்டத்துக்குப் பிறகு திறனுக்கும் ஒரு கட்டம் வைத்தார்கள். 'டிரில் வீண்' என்பவர் அதைப் படிக்கவில்லை.

கூடைநிழல்: பெயர் சொன்னால் ஆச்சா? போன முறை ஸோன் விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள்.

நீளவிசில்: அந்த விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி.

கட்டைவிரல்: ஒரு டிரிபிள். ஒன்றே ஒன்று.