புதுப்பிப்பு: நான்கு நாளில் மூன்று தேர்வு, எந்த வரிசையில் படித்தேன்

நான் கேட்டிருந்தது: "திங்கள் வேதியியல், செவ்வாய் கணிதம், வியாழன் வரலாறு. எதை முதலில் படிப்பது?"

மூன்றும் எழுதி முடித்துவிட்டேன். பாடம் நடத்தும் அக்கா ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது: தேதியை விட, ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பார். வரலாற்றுக்குப் புதன் முழுதாக இருந்தது. கணிதத்துக்கோ ஒரு தேர்வு எழுதிய களைப்போடு திங்கள் மாலை மட்டும்தான். அதனால் முந்தைய வாரமே கணிதத்தை முடித்தேன். பழைய வினாத்தாளை நேரம் வைத்துப் போட்டு, தடுமாறிய கணக்குகளை மட்டும் தனித்தாளில் எழுதினேன். திங்கள் மாலை அந்தத் தாளைத் தவிர வேறெதையும் திறக்கவில்லை.

"கடைசித் தேர்வை முதலில் படி" என்று ஒரு தம்பி சொன்னதும் பாதி சரி. வரலாற்றை முன்பே படித்தேன், ஆனால் அப்படியே விட்டால் புதனுக்குள் பாதி மறந்துவிடும். இடையில் ஒருநாள், புத்தகத்தை மூடிவைத்து தலைப்பு வாரியாக நினைவில் இருந்து எழுதிப் பார்த்தேன். போராட்டங்களின் காரணங்கள் வந்தன, ஆண்டுகளின் வரிசை வரவில்லை. புதன்கிழமை பெரும்பாலும் அந்த வரிசைக்கே போனது.

ஒரே நாளில் இரண்டு தேர்வு எழுதிய அண்ணன் இரவு முழுக்க விழிக்கச் சொன்னார். அவருக்கு நடுவில் இரவே இல்லை, எனக்கு இருந்தது. நான் தூங்கினேன்.

ஞாயிறு முழுவதையும் வேதியியலுக்கே கொடுத்தது சரியா, கொஞ்சம் கணிதமும் கலந்திருக்க வேண்டுமா? அக்காவும் தம்பியும் இன்னும் ஒத்துப்போகவில்லை.